கைமாற்றுக் கடனுக்கு எழுதும் பிராமிசரி நோட்டு: அதில் என்ன இருக்க வேண்டும், சாட்சி எதற்கு?

பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஒருவர், துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊழியர் சேமநிதிப் பணத்தை வங்கியில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அவருடைய தங்கை மகன், சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலுக்காகப் பழைய வேன் ஒன்றை வாங்க 24,000 ரிங்கிட் கேட்கிறார். மாதம் 2,000 ரிங்கிட் வீதம் ஓராண்டில் திருப்பித் தருவதாகப் பேச்சு. இருபதாயிரத்தை வங்கி வழியாகவும், வேனை விற்பவர் முன்பணத்தை ரொக்கமாகக் கேட்பதால் மீதி நாலாயிரத்தைக் கையிலும் கொடுக்க மாமா சம்மதிக்கிறார். எழுத்து என்ற பேச்சு வந்ததும், "நமக்குள்ள எதுக்கு மாமா பத்திரமெல்லாம்?" என்று மருமகன் கேட்கிறார். இந்தக் கடனுக்கு எழுதப்பட வேண்டிய சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதையே இக்கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்கிறேன்.

பிராமிசரி நோட்டு என்பதை மலேசியாவின் 1949ஆம் ஆண்டு மாற்றுச்சீட்டுச் சட்டம் விளக்குகிறது. ஒருவர் இன்னொருவருக்கு எழுத்து மூலம் கொடுக்கும், தாமே கையெழுத்திட்ட, நிபந்தனையற்ற உறுதிமொழி அது. குறிப்பிட்ட ஒரு தொகையை, கேட்டவுடனோ குறிப்பிட்ட காலத்திலோ, குறிப்பிட்ட ஒருவருக்கோ அல்லது சீட்டை வைத்திருப்பவருக்கோ செலுத்துவேன் என்று அது சொல்ல வேண்டும். இதில் உயிரான சொல் 'செலுத்துவேன்' என்பதுதான். "இன்னாரிடம் 24,000 ரிங்கிட் வாங்கியிருக்கிறேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டால் அது கடன் வாங்கியதற்கான ஒப்புதலாக நிற்குமே தவிர, பிராமிசரி நோட்டு ஆகாது. ஒப்புதல் சீட்டும் வழக்கில் ஆதாரமாகப் பயன்படும். ஆனால் எப்போது, எப்படித் திருப்பித் தர ஒப்புக்கொண்டார் என்பதை வேறு வழியில் நிரூபிக்க வேண்டிய சுமை கடன் கொடுத்தவர் தலையில் விழும்.

அதேபோல் 'நிபந்தனையற்ற' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். "வேன் ஓட ஆரம்பித்து இலாபம் வந்ததும் தருகிறேன்", "அப்பா நிலம் விற்றதும் தருகிறேன்" என்றெல்லாம் எழுதுவது நம் குடும்பங்களில் சாதாரணம். இலாபம் வராமலே போகலாம், நிலம் விற்காமலே போகலாம் என்பதால், நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றோடு பணத்தைத் திருப்பித் தருவதைக் கட்டிவிட்டால் அந்தச் சீட்டு பிராமிசரி நோட்டாக நிற்காது. தவணையாகச் செலுத்துவதும், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே செலுத்த வேண்டும் என்று சேர்ப்பதும் நிபந்தனை ஆகா; அவற்றைச் சட்டமே அனுமதிக்கிறது.

நம் மாமா, மருமகன் கடனுக்கு ஏற்ற வாசகம் ஏறக்குறைய இப்படி அமையும்:

> இடம்: பட்டர்வொர்த், பினாங்கு. நாள்: 8 பிப்ரவரி 2026.
>
> ரிங்கிட் 24,000.00 (இருபத்து நான்காயிரம் ரிங்கிட் மட்டும்)
>
> (முழுப்பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி) ஆகிய நான், (முழுப்பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி) அவர்களிடமிருந்து மேற்கண்ட தொகையை வட்டியில்லாக் கடனாக இன்று பெற்றுக்கொண்டேன். இதில் 20,000 ரிங்கிட்டை என் வங்கிக் கணக்கிலும், 4,000 ரிங்கிட்டைக் கீழ்க்காணும் சாட்சிகள் முன்னிலையில் ரொக்கமாகவும் பெற்றேன். இத்தொகையை அவருக்கு மாதம் 2,000 ரிங்கிட் வீதம் பன்னிரண்டு தவணைகளில், 1 மார்ச் 2026 தொடங்கி 1 பிப்ரவரி 2027 வரை, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் செலுத்துவேன் என்று நிபந்தனையின்றி உறுதியளிக்கிறேன். ஏதேனும் ஒரு தவணையை உரிய நாளில் செலுத்தத் தவறினால், எஞ்சிய தொகை முழுவதையும் உடனே செலுத்துவேன்.
>
> கடன் பெற்றவர் கையெழுத்து
>
> சாட்சி 1: சாட்சி 2: (பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி, கையெழுத்து, நாள்)

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் இந்த வாசகத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் உண்டு. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது வெறும் சம்பிரதாயமன்று. இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதையே தொகையாகக் கொள்ள வேண்டும் என்பது சட்டம். 24,000 என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு '1' சேர்ப்பது எளிது. 'இருபத்து நான்காயிரம்' என்பதைத் திருத்தினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தொகை, நாள், செலுத்த வேண்டிய காலம் ஆகியவற்றில் எதையாவது கடன் பெற்றவரின் சம்மதம் இல்லாமல் பின்னால் மாற்றினால் சீட்டே அவருக்கு எதிராகச் செல்லாமல் போய்விடும். ஆகவே எழுதும்போதே பிழை நேர்ந்தால் வெள்ளைத் திரவம் பூசித் திருத்தக் கூடாது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதே நல்லது.

பெயரை அடையாளக் கார்டில் உள்ளபடி, 'த/பெ' என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரு பெயரில் அழைப்பதும், கார்டில் வேறொரு பெயர் இருப்பதும் நம்மிடையே அடிக்கடி உள்ளது. கார்டின் நகலைச் சீட்டோடு இணைத்து, அந்த நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று எழுதி வைக்கலாம். ஆனால் கார்டையே பிணையாக வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தக்க அதிகாரமின்றி மற்றவர் அடையாளக் கார்டை வைத்திருப்பது குற்றம். ஏடிஎம் கார்டை வாங்கி வைப்பதும் உரிமமின்றி வட்டிக்கு விடும் ஆலோங்குகள் செய்கிற வேலை. மாமா அதைச் செய்யத் தேவையில்லை.

தவணைத் தேதிகளைக் குறிப்பிட்டு எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணம், 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம். கடனுக்காக வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுகளே உண்டு. தேதி எழுதப்பட்ட சீட்டில், பணம் செலுத்தத் தவறிய நாளிலிருந்து அந்த ஆறாண்டு எண்ணப்படும். 'கேட்டவுடன் தருவேன்' என்று எழுதப்பட்ட சீட்டிலோ, சீட்டு எழுதிய நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிட்டது என்று வாதாட இடம் இருக்கிறது. பாசத்தால் ஐந்தாறு ஆண்டுகள் கேட்காமல் இருந்துவிட்டு, கேட்கும் நாளில் காலம் கடந்துவிட்டது என்ற பதிலைக் கேட்க நேரும் உறவுகளைப் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது. இடையில் சிறு தொகையாவது திருப்பிச் செலுத்தப்பட்டால் காலம் அன்றிலிருந்து மீண்டும் புதிதாக எண்ணப்படும் என்பதால், ஒவ்வொரு தவணையும் வங்கி வழியாக வருவது இருவருக்கும் நல்லது.

'வட்டியில்லாக் கடன்' என்ற சொற்களை நான் வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். தமிழகத்தில் எழுதப்படும் கடன் பத்திர மாதிரிகளை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பெரிய ஆபத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த மாதிரிகளில் 'நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி' என்ற வரி சர்வசாதாரணமாக இருக்கும். மலேசியாவில் 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர்கள் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் நடத்துவது குற்றம். 250,000 ரிங்கிட் முதல் பத்து இலட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அத்தகையவர் செய்த கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது. "நான் ஒருவருக்குத்தானே கொடுத்தேன், இது எப்படித் தொழிலாகும்?" என்று மாமா கேட்கலாம். வட்டிக்குக் கொடுத்த ஒரே ஒரு கடன் நிரூபிக்கப்பட்டாலும், அவர் அத்தொழில் செய்பவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என அதே சட்டம் சொல்கிறது. அப்படி இல்லை என்று மாமா நிரூபிக்க வழியுண்டு. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதாகிவிடும்.

வட்டி என்ற பெயரைத் தவிர்த்து வேறு பெயர் வைப்பதால் தப்பிக்க முடியாது. கொடுத்த முதலுக்கு மேல் எந்தப் பெயரில் பெற்றாலும் அது வட்டியாகவே கருதப்படலாம். 2023இல் கூட்டரசு நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில், நட்புக் கடன் என்று சொல்லப்பட்ட ஒப்பந்தத்தில் 'ஒப்புக்கொண்ட இலாபம்' என்று ஒரு தொகை எழுதப்பட்டிருந்தது. அது உரிமமற்ற வட்டித் தொழில் என்றே தீர்ப்பாயிற்று. இருபதாயிரம் கொடுத்துவிட்டு இருபத்து நான்காயிரம் என்று சீட்டில் எழுதி வாங்குவதும் இதே வகைதான். மருமகன் நன்றியாக எதையாவது செய்ய நினைத்தால் அது அவர் விருப்பம். சீட்டிலோ, கைப்பேசிச் செய்தியிலோ, வாய்ப் பேச்சிலோ அது கடனின் பகுதியாக வரக் கூடாது.

இனி சாட்சிகளைப் பற்றி. பிராமிசரி நோட்டு செல்லுபடியாவதற்குச் சாட்சிக் கையெழுத்து கட்டாயமன்று. சாட்சி இல்லாத சீட்டும் சீட்டுதான். கையெழுத்திட்டவர் ஏதோ ஒரு பயனைப் பெற்றுக்கொண்டுதான் கையெழுத்திட்டார் என்ற அனுமானத்தையும் மாற்றுச்சீட்டுச் சட்டம் தருகிறது. அப்படியானால் சாட்சி எதற்கு? கடனைத் திருப்பித் தர முடியாத நிலைக்கு வந்த ஒருவர் வழக்கில் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். "இது என் கையெழுத்தே அல்ல" என்பார். அல்லது, "கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் வெற்றுத் தாளில் போட்டுக் கொடுத்தேன், பின்னால் எழுதிக்கொண்டார்கள்" என்பார். அல்லது, "பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்" என்பார். நம் எடுத்துக்காட்டில் எளிதில் வரக்கூடியது, "வங்கியில் வந்த இருபதாயிரம் உண்மை, ரொக்கமாக நாலாயிரம் தந்ததாகச் சொல்வது பொய்" என்பது. கையெழுத்தை மறுத்தால், அதை நிரூபிக்க வேண்டியவர் சீட்டைக் காட்டிப் பணம் கேட்கிறவர்; ஒப்பிட்டுப் பார்க்கவும், எழுத்து வல்லுநரை அழைக்கவும் வழியிருந்தாலும், "நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், அவர் கையெழுத்திட்டதைப் பார்த்தேன்" என்று கூண்டில் ஏறிச் சொல்லும் ஒரு மனிதருக்கு ஈடாக வேறொன்று கிடைப்பது கடினம்.

ஆகவே சாட்சியின் மதிப்பு அவர் கையெழுத்தில் இல்லை, அவர் கண்ணால் கண்டதில் இருக்கிறது. சீட்டை எழுதி முடித்துவிட்டு, மறுநாள் தேநீர்க் கடையில் நண்பரைப் பார்த்து "இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்று வாங்குவது சாட்சியம் ஆகாது. குறுக்கு விசாரணையில், "எந்த இடத்தில் கையெழுத்தானது, யார் யார் இருந்தார்கள், பணம் எப்படிக் கைமாறியது?" என்ற முதல் மூன்று கேள்விகளிலேயே அது வெளிப்பட்டுவிடும், அதன்பின் உண்மையான கடனும் சந்தேகத்துக்கு உள்ளாகும். சரியான முறை இதுதான்: இரு தரப்பும் இரு சாட்சிகளும் ஒரே மேசையைச் சுற்றி ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். சீட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாலாயிரம் ரிங்கிட்டைச் சாட்சிகள் பார்க்க எண்ணிக் கொடுக்க வேண்டும். வங்கிப் பரிமாற்றத்தையும் அப்போதே செய்து, குறிப்புப் பகுதியில் 'கடன்' என்று எழுத வேண்டும். குறிப்பு இல்லாத பணத்தைப் பின்னால் அன்பளிப்பு என்றோ பழைய பாக்கி என்றோ சொல்வது எளிது. மருமகன் கையெழுத்திட, அதைப் பார்த்த சாட்சிகள் அதன்பின் கையெழுத்திட வேண்டும்.

யாரைச் சாட்சியாக அழைப்பது? பதினெட்டு வயது நிரம்பியவராகவும், கடனில் எந்தப் பங்கும் இல்லாதவராகவும் இருப்பது நல்லது. மாமாவின் மனைவியோ மகனோ சாட்சியாக இருக்கக் கூடாது என்று சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பணம் திரும்பி வந்தால் பயன் பெறும் ஒருவரின் சொல்லை நீதிபதி குறைத்தே எடைபோடுவார். இருவரையும் அறிந்த அண்டை வீட்டார், கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவர், முன்னாள் சக ஊழியர் போன்றோர் பொருத்தமானவர்கள். எண்ணிக்கையைச் சட்டம் வரையறுக்கவில்லை. இருவரை வைத்துக்கொள்ளச் சொல்வது, ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாலோ காலமாகிவிட்டாலோ இன்னொருவர் இருப்பார் என்பதற்காகத்தான். மருமகன் தரப்பிலிருந்து ஒருவர், மாமா தரப்பிலிருந்து ஒருவர் என்று அமைந்தால் இன்னும் நன்று. மருமகனே அழைத்து வந்த சாட்சி இருந்தால் "மிரட்டி வாங்கினார்கள்" என்ற பேச்சு எடுபடாது.

சாட்சிக் கையெழுத்திடப் பலர் தயங்குவதற்குக் காரணம், கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் தாங்கள் கட்ட வேண்டி வருமோ என்ற அச்சம். இந்த அச்சத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. சாட்சிக்குப் பணப் பொறுப்பு இல்லை என்பது சரி. ஆனால் என்ன நிலையில் கையெழுத்திட்டார் என்பது தாளில் தெரிய வேண்டும். 'செலுத்துவேன்' என்ற உறுதிமொழியின் கீழ், கடன் பெற்றவர் கையெழுத்துக்குப் பக்கத்தில், எந்த விளக்கமும் இல்லாமல் இன்னொரு கையெழுத்து இருந்தால், அவரும் சேர்ந்து கடன் வாங்கியவர் என்று வாதிடலாம். 'நான்' என்று தொடங்கும் சீட்டில் இருவர் கையெழுத்திட்டால் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பாவர். ஆகையால் சாட்சியின் இடத்தைத் தனியாகக் கீழே ஒதுக்கி, 'சாட்சி' என்ற சொல்லை அவர் பெயருக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிணையாளர் தேவையென்றால் அதற்குத் தனியாக எழுத வேண்டும். சாட்சியை மறைமுகமாகப் பிணையாளர் ஆக்குவது நேர்மையல்ல.

கடன் வாங்குகிறவர் பக்கத்திலும் சாட்சி காவல்தான். நிரப்பப்படாத தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதைத் தக்கபடி நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்ததாகவே மாற்றுச்சீட்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. "மாமாதானே, அப்புறம் எழுதிக்கட்டும்" என்று மருமகன் நினைக்கக் கூடாது. தொகையும் தேதியும் எழுதப்பட்ட சீட்டைத்தான் பார்த்தேன் என்று சொல்ல சாட்சிகள் இருந்தால், பின்னால் யாரும் அதில் கைவைக்க முடியாது.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சீட்டைத் தமிழில் எழுதுவதற்குத் தடையில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு கேட்கப்படும், அங்கே 'வீதம்', 'தவணை' போன்ற சொற்களுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்ல இடம் உண்டாகும். சீட்டை மலாயில் எழுதி, அதே தாளில் கீழே தமிழிலும் எழுதுவது எனக்குச் சரியாகப் படுகிறது. மலாய் சரளமாகப் படிக்க வராத மூத்தவர் யாராவது கையெழுத்திடுவதாக இருந்தால், அவருக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது என்றும் அவர் புரிந்துகொண்டார் என்றும் ஒரு வரி சேர்த்து, படித்துக் காட்டியவரே ஒரு சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கும் இது பொருந்தும்.

கையெழுத்தான பின் செய்ய வேண்டியது முத்திரை வரி. மலேசியாவில் கையெழுத்திட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் வழியாக, அதன் இணையச் சேவையிலோ அலுவலகத்திலோ, இதைச் செய்துவிட வேண்டும்; தாமதித்தால் தண்டமும் சேரும். உரிய முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. ஆனால் முத்திரை குத்தப்பட்டதால் சீட்டில் எழுதியிருப்பது உண்மை என்று அரசாங்கம் சான்று சொல்லிவிட்டதாகப் பொருளில்லை. அது வரி கட்டியதற்கான அடையாளம் மட்டுமே. சத்தியப் பிரமாண ஆணையர் முன் போய் முத்திரை வாங்கிவிட்டால் சாட்சி தேவையில்லை என்று நினைப்பதும் தவறு. அவர் வேலை சத்தியப் பிரமாணங்களை ஏற்பது. பட்டர்வொர்த் வீட்டு மேசையில் நாலாயிரம் கைமாறியதை அவர் பார்க்கவில்லை.

மூலச் சீட்டு மாமாவிடம் இருக்க வேண்டும். மருமகனுக்கு நகல் ஒன்று தர வேண்டும். ஏதாவது ஒரு மாதம் ரொக்கமாகக் கொடுக்க நேர்ந்தால், மருமகன் கையோடு மாமாவிடம் தேதியிட்ட பற்றுச்சீட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசித் தவணை கட்டிய அன்று, மூலச் சீட்டின் குறுக்கே 'முழுவதும் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று மாமா எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டு, அதை மருமகனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சீட்டு தொலைந்துவிட்டது என்றால், எந்தத் தேதியில் எந்தத் தொகைக்கு எழுதப்பட்டது, அது முழுவதும் தீர்ந்துவிட்டது, இனி அது கிடைத்தாலும் செல்லாது என்று தனித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். முடிந்தால் அதே இரு சாட்சிகளும் அதிலும் கையெழுத்திடலாம்.